இரண்டு என்ற விகிதம் ஒன்றாகச் சுருங்கிய கதை

நண்பர் ஒருவர் தம் சிறு உற்பத்தி நிறுவனத்தில் பங்குதாரராகச் சேர அழைத்து, தொழில் திட்ட அறிக்கையை அனுப்பியிருந்தார். நடப்பு விகிதம் 2, கடன் பங்கு மூலதன விகிதம் 1 என்று முதல் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் இருந்தது. ஓராண்டுக்குள் கட்ட வேண்டிய நடப்புப் பொறுப்புகளைப் போல இரு மடங்கு, ஓராண்டுக்குள் பணமாகக்கூடிய நடப்புச் சொத்து, சொந்த முதலுக்குச் சமமான கடன் என்றால் யாருக்கும் நம்பிக்கை வரும், எனக்கும் வந்தது.

பின்னிணைப்பில் இருந்த ஐந்தொகையைப் பிரித்துப் பார்த்தபோதுதான் உறுத்தத் தொடங்கியது. நடப்புச் சொத்து 40 லட்சத்தில் சரக்கிருப்பு 22, வர வேண்டிய பாக்கி 15. ரொக்கமோ வெறும் 3. சரக்கு தேங்கினாலும் பாக்கி வசூலாகாமல் கிடந்தாலும் இந்த விகிதம் குறையாது என்பதால், எது எத்தனை நாளாக நிற்கிறது என்ற பட்டியலைக் கேட்டு வாங்கினேன். 8 லட்சம் மதிப்புள்ள சரக்கு, உற்பத்தியை நிறுத்திவிட்ட பழைய மாதிரிக்கு உரியது. 5 லட்சம் பாக்கி ஓராண்டைக் கடந்தது. அதைத் தர வேண்டியவர் தொழிலையே விட்டுவிட்டார். இந்த 13 லட்சத்தைக் கழித்ததும் மிஞ்சியது 27.

அடுத்து பொறுப்புகளின் பக்கம். சரக்கு தந்தவர்களுக்குக் கொடுக்க வேண்டிய 20 லட்சம் மட்டுமே நடப்புப் பொறுப்பாகக் காட்டப்பட்டிருந்தது. வங்கிக் கடன் 30 லட்சமும் நீண்டகாலக் கடன் என்ற தலைப்பில் இருந்தாலும், அதில் 6 லட்சம் அடுத்த பன்னிரண்டு மாதங்களுக்குள் கட்ட வேண்டிய தவணை. அதையும் சேர்த்தால் பொறுப்பு 26. விகிதம் ஏறக்குறைய 1.04. சரக்கை ஒதுக்கிவிட்டு, வசூலாகக்கூடிய பாக்கி 10, ரொக்கம் 3 என்று மட்டும் எடுத்துக்கொண்டால் அது பாதிதான்.

இரண்டாவது விகிதத்தில் நான் இன்னும் தடுமாறினேன். சொந்த முதல் எனக் காட்டிய 30 லட்சத்தில் 10, நண்பர் தம் கையிலிருந்து நிறுவனத்துக்குத் தந்த கடன். அதைக் கடன் பக்கம் மாற்றி, கழித்த 13 லட்சத்தை நட்டமாக முதலிலிருந்தும் குறைத்தால் மிச்சம் வெறும் 7, கடனோ 40. விகிதம் 1 அல்ல, 5.7! சொத்தில் கழிக்கும் தொகை முதலையும் அரிக்கும் என்பது, கணக்குப் போட்டுப் பார்க்கும் வரை எனக்கு உறைக்கவில்லை.

நண்பர் கோபித்துக்கொள்ளவில்லை. வங்கிக் கடன் தீரும் வரை தம் 10 லட்சத்தைத் திருப்பி எடுப்பதில்லை என்று எழுதித் தர முன்வந்தார். அப்படி எழுதித் தந்தால் அத்தொகையை முதலாகவே கருதலாம் என்பதால், 30 லட்சம் கடனுக்கு 17 லட்சம் முதல் என்றாகி விகிதம் 1.8 அளவுக்கு இறங்கியது. ஆனால் ரொக்க நெருக்கடி அப்படியே இருந்தது. வரும் வசூல் கட்ட வேண்டிய தவணையை மாதவாரியாக எப்படி ஈடுகட்டும் என்ற கணக்கைக் கேட்டிருக்கிறேன், இன்னும் வரவில்லை.