துவி வந்தால் ஞுங் வரும்: வியட்நாமிய ஜோடி இணைப்புச் சொற்களை ஆங்கிலத்தில் எழுதிப் பழகிய அனுபவம்

ஹனோயில் வியட்நாமிய மொழி படித்தபோது, இரண்டாம் பருவத்தின் கடைசியில் ஒரு மொழிபெயர்ப்புத் தாள் இருந்தது. ஒரு சிறிய வியட்நாமியப் பத்தியை ஒரு மணி நேரத்தில் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். திருத்திய தாளில் இலக்கணப் பிழை என்று ஒரு சிவப்புக் கோடுகூட இல்லை. ஆனால் மதிப்பெண் பாதியைத்தான் தாண்டியிருந்தது. ஓரத்தில் ஆசிரியை எழுதியிருந்த குறிப்பு இதுதான்: "எல்லா வாக்கியமும் ஒரே மாதிரி தொடங்குகிறது. ஆங்கிலத்தில் யாரும் இப்படிப் பேசமாட்டார்கள்." எங்கே தவறினேன் என்று புரிய எனக்கு ஒரு மாதம் ஆனது. வியட்நாமியத்திலிருந்து ஆங்கிலத்துக்கு எழுதுகிறவர்களுக்கும், வியட்நாமிய மாணவர்களின் ஆங்கிலக் கட்டுரைகளைத் திருத்துகிறவர்களுக்கும் பயன்படும் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் சிக்கல் என்னவென்று பார்த்துவிடலாம். "மழை பெய்தாலும் அவர் வேலைக்குப் போனார்" என்று தமிழில் சொல்கிறோம். வினையோடு ஒட்டிய 'ஆலும்' ஒன்றே போதும், இரண்டாம் பாதியில் வேறு சொல் தேவையில்லை. வியட்நாமிய வினைச்சொல் உருவம் மாறாது. காலம், இடம், எண் எதற்கும் விகுதி கிடையாது. ஒரு வாக்கியம் இன்னொன்றைச் சார்ந்து நிற்கிறது என்பதை வினையை வைத்துக் காட்ட வழியில்லை. அதனால் இரண்டு பாதிகளின் தலையிலும் ஆளுக்கொரு சொல்லை வைக்கிறார்கள்: "துவி மழை பெய், ஞுங் அவர் வன் போ வேலை." துவி என்றால் 'இருந்தபோதும்', ஞுங் என்றால் 'ஆனால்', வன் என்றால் 'அப்போதும்'. காரணம் சொல்வதற்கு வீ, நென் என்ற ஜோடி: "வீ மழை பெய், நென் நான் இரு வீடு." 'ஏனென்றால் மழை, ஆகவே வீட்டில் இருந்தேன்' என்பது போல. நிபந்தனைக்கு நேவ், தீ என்ற ஜோடி: 'ஒருவேளை... அப்படியானால்' என்பது போல.

அங்கே பள்ளிக்கூடத்தில் ஆரம்ப வகுப்புகளிலேயே இவற்றை ஜோடி ஜோடியாகத்தான் சொல்லித்தருகிறார்கள். முதல் சொல்லைக் கொடுத்து இரண்டாவதை நிரப்பச் சொல்லும் பயிற்சிகள் உண்டு. அப்படிப் பழகிய காதுக்கு, ஆங்கிலத்தில் 'ஆல்தோ' என்று தொடங்கிவிட்டு நடுவில் 'பட்' வராவிட்டால் வாக்கியம் அந்தரத்தில் நிற்பதுபோல இருக்கும். எனவே "ஆல்தோ இட் வாஸ் ரெயினிங், பட் ஹி வென்ட் டு வொர்க்" என்று எழுதிவிடுகிறார்கள். 'பிகாஸ்' என்று தொடங்கினால் நடுவில் 'ஸோ' வந்துவிடும்.

'தோ... யெட்' என்று நாம் பள்ளியில் படித்தோமே, அது மட்டும் எப்படிச் சரி என்று சிலர் கேட்பார்கள். அந்த இடத்தில் 'யெட்' இணைப்புச் சொல்லாக வேலை செய்வதில்லை. 'இருந்தும்' என்ற பொருளில் வினையை ஒட்டி வரும் சொல் அது. பழைய ஆங்கிலத்தில் நிறைய வரும், இன்று அபூர்வம். 'பட்' அப்படியில்லை, சம நிலையில் உள்ள இரண்டு வாக்கியங்களைத்தான் அது சேர்க்கும். ஒரு பாதியை 'ஆல்தோ' ஏற்கெனவே கீழிறக்கிவிட்டதால், அதற்குச் சேர்க்க எதுவும் மிச்சமில்லை.

இதுவரை எல்லாப் புத்தகமும் சொல்லும், எனக்கும் தெரிந்திருந்தது. ஜோடியில் ஒன்றை நீக்கு என்பது விதி. நான் ஒவ்வொரு முறையும் இரண்டாவதை நீக்கினேன். தமிழ் பேசுகிறவருக்கு அதுதான் இயல்பாக வரும், ஏனென்றால் நம் மொழியிலும் குறி முதல் பாதியில்தான் இருக்கிறது. என் மதிப்பெண் போனது அங்கேதான். எதை நீக்குவது என்பதை வாக்கியத்துக்கு வாக்கியம் முடிவு செய்ய வேண்டும். சில இடங்களில் இரண்டையுமே நீக்க வேண்டும்.

அந்தத் தாளில் வந்த பத்தியை ஏறக்குறைய நினைவில் இருந்து சொல்கிறேன். ஹோய் ஆன் பக்கம் து போன் ஆற்றங்கரையில் தனியாக வாழும் ஒரு பாட்டியைப் பற்றியது. "துவி வீடு ஆற்றை ஒட்டி இருக்கிறது, ஞுங் பாட்டி வன் இடம் மாறச் சம்மதிக்கவில்லை. வீ ஆயுள் முழுக்க மீன்பிடித்துப் பிழைத்தவர், நென் நகர வாழ்க்கை பழகவில்லை. நேவ் தண்ணீர் ஏறினால், தீ சாமான்களைப் பரணுக்கு ஏற்றுவார். பாட்டி துவி வயதானவர், ஞுங் தெம்பாக இருக்கிறார்."

நான் எழுதிய நான்கு வாக்கியங்களும் முறையே ஆல்தோ, பிகாஸ், இஃப், ஆல்தோ என்று தொடங்கின. நான்கிலும் நடுவில் ஒரு காற்புள்ளி. வியட்நாமிய மூலத்தில் இது உறுத்தாது. அந்தச் சொற்கள் சின்னவை, ஓரசை, வாசிப்பவர் கவனிக்காமலே கடந்துவிடுவார். ஆங்கில 'ஆல்தோ'வுக்கு எடை அதிகம். வாக்கியத்தின் வாசலில் நின்று 'இப்போது ஒரு முரண் வரப்போகிறது' என்று அறிவிக்கும் சொல் அது. நாலு வரியில் இரண்டு முறை அறிவித்தால் வழக்குரை மாதிரி ஆகிவிடுகிறது.

பிறகு ஆசிரியையோடு உட்கார்ந்து அதே பத்தியை மறுபடி எழுதினோம். அவர் கற்றுக்கொடுத்த கேள்வி ஒன்றுதான்: இரண்டு பாதிகளில் எது வாசகருக்குப் புதிய செய்தி?

கடைசி வாக்கியம் எளிது, அதிலிருந்து தொடங்குகிறேன். அங்கே துவி எழுவாய்க்குப் பின்னால் வந்திருக்கிறது, ஒரே ஆளின் இரண்டு குணங்களைச் சேர்க்கிறது. இந்த அமைப்பைப் பார்த்தாலே துவியை விட்டுவிட்டு ஞுங்கை வைத்துக்கொள்ளலாம். "ஷி இஸ் ஓல்ட் பட் ஸ்டில் ஸ்ட்ராங்." இரண்டு பண்புச் சொற்கள், நடுவில் ஒரு பட். இதை 'ஆல்தோ' போட்டு எழுதினால் சின்னச் செய்தி பெரிய அறிவிப்பாகிவிடும்.

முதல் வாக்கியத்தில் இரண்டு பாதியுமே புதியவை. வீடு ஆற்றங்கரையில் இருப்பதும் வாசகருக்கு இன்னும் தெரியாது. தெரிந்த செய்தியாக இருந்தால் 'ஆல்தோ' அல்லது 'டெஸ்பைட்' போட்டு ஒதுக்கலாம், தெரியாததை ஒதுக்கக்கூடாது. 'பட்' வைக்கலாம், ஆனால் கடைசி வாக்கியத்திலும் அதுதான் இருக்கிறது. ஆசிரியை வன் என்ற சொல்லைக் காட்டினார். முரணின் பாதி பாரத்தை அதுதான் தூக்குகிறது. அதற்கு 'ஸ்டில்' போதும்: "ஹெர் ஹவுஸ் இஸ் ரைட் ஆன் த ரிவர், அண்ட் ஷி ஸ்டில் வோன்ட் மூவ்." துவி, ஞுங் இரண்டுமே போய்விட்டன. வெறும் 'அண்ட்' வந்திருக்கிறது, முரண் மட்டும் அப்படியே இருக்கிறது. இங்கே 'ஸ்டில்' வந்ததால், கடைசி வாக்கியத்தில் அதை எடுத்துவிட்டு "ஓல்ட் பட் ஸ்ட்ராங்" என்று சுருக்கினோம். மழை வாக்கியத்திலும் இந்த வழி உதவும். "ஹி வென்ட் டு வொர்க் எனிவே" என்று முடித்தால், வன் செய்த வேலையை 'எனிவே' செய்துவிடும்.

இரண்டாவது வாக்கியத்தில் காரணம் இருக்கிறது. வியட்நாமியத்தில் காரணம் முன்னால், விளைவு பின்னால் வருவது வழக்கம். நடந்த வரிசையே சொல்லும் வரிசை. ஆங்கிலத்தில் 'பிகாஸ்' பெரும்பாலும் வாக்கியத்தின் பின்பாதியில் வரும், குறிப்பாகக் காரணம் புதிய செய்தியாக இருக்கும்போது. வியட்நாமியத்திலும் விளைவை முன்னால் வைத்தால் நென் காணாமல் போய், நடுவில் வீ மட்டும் நிற்கும். இப்படி மனதுக்குள் மூலத்தையே ஒருமுறை திருப்பிப் போட்டுப் பார்த்துவிட்டு ஆங்கிலத்துக்கு வருவது எனக்கு மிகவும் உதவிய பழக்கம். காரணம் முன்பே தெரிந்ததென்றால் அதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு 'ஸோ' போடலாம். பாட்டி விஷயத்தில் நாங்கள் தேர்ந்தது இது: "ஆஃப்டர் எ லைஃப்டைம் ஆஃப் ஃபிஷிங், ஷி கான்ட் கெட் யூஸ்ட் டு த டவுன்." ஒரு முழு வாக்கியம் நாலைந்து சொற்களாகச் சுருங்கிவிட்டது. காரணம் என்று தனியாகச் சொல்லாமலே காரணம் புரிகிறது.

மூன்றாவதில் நான் கவனிக்காமல் விட்ட பிழை ஒன்று இருந்தது. நேவ் என்றதும் 'இஃப்' என்று எழுதினேன். ஆனால் மத்திய வியட்நாமில் அக்டோபர், நவம்பர் வந்தால் வெள்ளம் வருவது வழக்கம். து போன் கரையில் இருப்பவர்களுக்கு அது 'வந்தால்' இல்லை, 'வரும்போது'. 'இஃப்' போட்டால் வராமலும் போகலாம் என்ற தொனி ஏறிவிடும். "வென் த வாட்டர் ரைஸஸ்" என்பதுதான் சரி. தீ என்ற சொல்லுக்கு 'தென்' தேவையே இல்லை, காற்புள்ளி போதும்.

நென் என்ற சொல்லில் இன்னொரு கண்ணியும் உண்டு. அதே எழுத்து, அதே தொனியில் அதற்கு 'செய்வது நல்லது' என்ற பொருளும் இருக்கிறது. பேச்சில் வீயை அடிக்கடி விட்டுவிடுவார்கள். "அண்ணன் களைப்பு நென் சீக்கிரம் வீடு திரும்பு" என்று வந்தால், 'களைத்ததால் சீக்கிரம் போய்விட்டார்' என்றும் கொள்ளலாம், 'களைப்பாக இருக்கிறீர்கள், சீக்கிரம் போங்கள்' என்றும் கொள்ளலாம். முன்பின் வாக்கியங்களைப் பார்த்துத்தான் பிரிக்க முடியும். நென்னுக்கு முன்னால் தீ நின்றால் அது அறிவுரை என்று ஓரளவு உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். 'மட்டுமல்லாமல்... கூட' என்று பொருள் தரும் கோங் ஞுங், மா கோன் ஜோடியில் வருகிற ஞுங் வேறு சொல். தொனி வேறு, எழுத்தில் மேலே குறியும் இருக்கும். அவசரத்தில் அதை 'ஆனால்' என்று படித்து முழு வாக்கியத்தையும் தலைகீழாக எழுதிய நண்பர்கள் உண்டு.

என் அறைத்தோழி வியட்நாம்காரர், என்னைவிட இளையவர். அப்போது அவர் வீஸ்டெப் என்ற ஆங்கிலத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். எழுத்துத் தாள் 60 நிமிடம். குறைந்தது 120 சொற்களில் ஒரு கடிதம், குறைந்தது 250 சொற்களில் ஒரு கட்டுரை. அவருடைய கட்டுரைகளைப் படித்தபோது என் பிழையே மறுபக்கமாகத் தெரிந்தது. நான் இரண்டாவதைக் கண்ணை மூடிக்கொண்டு நீக்கினேன், அவருக்கு இரண்டாவதை நீக்கவே கை வரவில்லை. "அக்கா, 'ஸோ' இல்லாமல் விட்டால் வாக்கியம் முடியாத மாதிரி இருக்கிறது" என்பார். விதியைச் சொன்னால் அடுத்த கட்டுரையில் மறுபடி வந்துவிடும்.

அதனால் எழுதும்போது எதையும் தடுக்க வேண்டாம் என்று முடிவு செய்தோம். ஜோடியாகவே எழுதட்டும், கடைசி எட்டு நிமிடம் திருத்தத்துக்கு. அப்போது காற்புள்ளிக்குப் பின்னால் 'பட்', 'ஸோ' வருகிற இடங்களை மட்டும் பென்சிலால் வட்டமிடுவார். வட்டத்திலிருந்து பின்னோக்கிப் போய் அந்த வாக்கியத்தின் முதல் சொல்லைப் பார்ப்பார். அங்கே 'ஆல்தோ' அல்லது 'பிகாஸ்' இருந்தால் இரண்டில் ஒன்று போக வேண்டும். நான் சொன்ன திருத்தம், முதல் சொல்லை அடி என்பது. அவருக்கு அது எளிதாக வந்தது, பழகிய இரண்டாம் சொல் இடத்திலேயே இருக்கிறதே. "பிகாஸ் த பஸ் வாஸ் லேட், ஸோ ஐ மிஸ்ட் த கிளாஸ்" என்பதில் பிகாஸை அடித்தால் எதையும் மாற்றாமலே நல்ல ஆங்கிலம் கிடைக்கிறது. மூன்று வாரத்தில் வட்டங்கள் பாதியாகக் குறைந்தன.

இந்த முறையின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். ஒப்பந்தம், மருந்துக் குறிப்பு, ஆய்வுக் கட்டுரையின் முடிவுப் பகுதி போன்றவற்றில் 'அண்ட்' போட்டு காரணத்தை வாசகரின் ஊகத்துக்கு விடக்கூடாது. அங்கே 'பிகாஸ்' வெளிப்படையாகவே நிற்க வேண்டும். அப்படிப்பட்ட பத்திகளில்தான் ஸோ ஸீ, லா வீ என்ற ஜோடி அதிகம் வரும். விளைவை முன்னால் சொல்லி, 'அதற்குக் காரணம் இன்னதே' என்று அழுத்தும் அமைப்பு. சொல்லுக்குச் சொல் எழுதினால் "த ரீசன் வை... இஸ் பிகாஸ்" என்று நீளும். விளைவை எழுதி, நடுவில் 'பிகாஸ்' ஒன்றை மட்டும் வைத்து, காரணத்தைக் கடைசியில் விடுங்கள். ஆங்கில வாக்கியத்தில் கடைசி இடத்துக்கே அழுத்தம் விழுவதால், மூலம் கேட்கிற அழுத்தம் அங்கே தானாகவே கிடைத்துவிடுகிறது.