ஜனவரி 24 என்ற தேதி எப்படி வந்தது

நீலகிரியில் கட்டட வேலை பார்ப்பவர்களுக்குக் கால நீட்டிப்புக் கடிதம் புதிதல்ல. கூடலூர்ப் பக்கம் ஜூன், ஜூலையில் கொட்டும். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபர், நவம்பரில் பிடித்துக்கொள்ளும். எந்தப் பக்கம் வேலை எடுத்தாலும் ஒரு மழைக்காலம் நடுவில் வந்தே தீரும். அதனால் தாமதம் என்றதும் இங்கே யாரும் அதிர்ச்சி அடைவதில்லை. ஆனால் "மழை காரணமாகத் தாமதம், கூடிய விரைவில் முடித்துத் தருகிறோம்" என்று எழுதிக் கொடுத்தால் அதை வைத்துக்கொண்டு எதிரில் இருப்பவர் ஒன்றும் செய்ய முடியாது. எனக்கு இதைத் தெளிவாகக் காட்டிய வேலை, கோத்தகிரி அருகே ஒரு பள்ளிக்கு இரண்டு வகுப்பறைகள் கட்டியது. நான் ஒப்பந்தக்காரரிடம் சைட் இன்ஜினியர். ஒப்பந்தப்படி டிசம்பர் 31-க்குள் சாவியைக் கொடுக்க வேண்டும். அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும்போது எட்டாம் வகுப்பை அங்கே மாற்றுவது என்று தாளாளர் அம்மா முடிவு செய்து, பெற்றோருக்கும் சொல்லியிருந்தார்.

மேல் தளத்துக்கு நவம்பர் 3-ஆம் தேதி கான்கிரீட் போடுவதாகத் திட்டம். சென்ட்ரிங் முடிந்து கம்பியும் கட்டியாகிவிட்டது. நவம்பர் 1 இரவு பெய்த மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து கனரக வாகனங்களை நிறுத்திவிட்டார்கள். எங்களுக்கு ஜல்லி, எம்-சாண்ட், சிமெண்ட் எல்லாம் மேட்டுப்பாளையத்திலிருந்துதான் ஏற வேண்டும். லாரி வரவில்லை என்றால் தளம் இல்லை. பாதை 9-ஆம் தேதி திறந்தது. அதற்குள் கட்டடத்துக்குப் பின்னால் இருந்த மண்மேடும் கொஞ்சம் சரிந்து சுவரோடு சாய்ந்துவிட்டது. அதை அள்ளி, நனைந்து கிடந்த கம்பியைச் சுத்தம் செய்து, மழை விட்ட நாள் பார்த்து, 18-ஆம் தேதிதான் தளம் போட முடிந்தது. பதினைந்து நாள் போய்விட்டது.

பாதை மூடிய அன்றே தாளாளருக்குப் போன் செய்துவிட்டேன். "அம்மா, லாரி ஏறல. தளம் தள்ளிப்போகும். எத்தனை நாள்னு இப்போ சொல்ல முடியாது. தளம் போட்ட மறுநாள் தேதியோட கடிதம் தர்றேன்" என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை என்று குரலிலேயே தெரிந்தது. இருந்தாலும் அன்று ஒரு தேதியைச் சொல்லியிருந்தால் அது வெறும் ஊகமாகத்தான் இருந்திருக்கும். பாதை எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஊகத்தில் ஒரு தேதி கேட்டு, அதுவும் தவறி, இரண்டாவது தடவை போய் நிற்பதைவிட மோசமானது இல்லை. அதற்காகக் கெடு நெருங்கும்வரை வாயை மூடிக்கொண்டிருக்கவும் கூடாது. முதலில் எச்சரிக்கை, பெரிய சந்தேகம் தீர்ந்த மறுநாள் தேதி. இந்த இரண்டையும் நான் எப்போதும் பிரித்தே வைக்கிறேன். எங்கள் வேலையில் அந்தப் பெரிய சந்தேகம் தளம்தான். அது விழுந்துவிட்டால் மீதி எல்லாம் எண்ணிப் பார்க்கக்கூடியது.

கடிதத்தை 19-ஆம் தேதி எழுத உட்கார்ந்தேன். காரணத்தில்தான் அதிக நேரம் போனது. முதலாளி, "மழைன்னு போடு, போதும்" என்றார். போதாது. கோத்தகிரியில் நவம்பரில் மழை பெய்யும் என்பது ஒப்பந்தம் போட்டபோதே எல்லாருக்கும் தெரியும். வழக்கமான பருவமழையை வேலை எடுப்பவர் முன்கூட்டியே கணக்கில் சேர்த்திருக்க வேண்டும் என்பதுதான் பெரும்பாலான ஒப்பந்தங்களின் நிலை. "மழை" என்று எழுதினால், "தெரிஞ்சுதானே கையெழுத்துப் போட்டீங்க?" என்று ஒரே கேள்வியில் கடிதம் விழுந்துவிடும். நாங்கள் கணக்கில் வைத்திருக்க முடியாதது பாதை மூடியதும் மண்மேடு சரிந்ததும். அந்த இரண்டை மட்டும், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்று எழுதினேன். அந்த நாட்களின் சைட் டைரிப் பக்கங்களை நகல் எடுத்து இணைத்தேன். அன்றன்று மாலை எழுதிய டைரியில் எத்தனை ஆள் வந்தார்கள், என்ன பொருள் வந்தது, என்ன வேலை நின்றது என்று மூன்று வரி இருக்கும். பிறகு உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதிய பத்துப் பக்கத்தைவிட அந்த மூன்று வரிக்கு மதிப்பு அதிகம்.

ஜன்னல் கிரில் வருவதும் அந்த மாதம் தாமதம்தான். அதை நான் சேர்க்கவில்லை. கிரில் வந்திருந்தாலும் தளம் போட்டிருக்க முடியாது. வேலையைத் தள்ளாத ஒன்றைக் காரணத்தில் சேர்த்தால் உண்மையான காரணத்தின் மேலும் சந்தேகம் விழும்.

அப்புறம் தேதி. தளத்துக்கு அடியில் நிற்கும் முட்டுகளை எப்போது பிரிக்கலாம் என்பதில்தான் எல்லாம் தொடங்குகிறது. கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456-இல், நாலரை மீட்டருக்கு மேல் அகலமான தளத்துக்கு முட்டு 14 நாள் நிற்க வேண்டும் என்று இருக்கிறது. எங்கள் அறைகள் அதைவிட அகலம். ஆனால் அந்தப் 14 நாள், வெப்பநிலை 15 டிகிரிக்குக் கீழே போகாத இடத்துக்குச் சொன்னது. இங்கே நவம்பர் இரவில் அதற்கும் கீழே போய்விடும். குளிரில் கான்கிரீட் மெதுவாகத்தான் பலம் பிடிக்கும். அதனால் முதல் திட்டத்திலேயே 21 நாள் வைத்திருந்தோம். நவம்பர் 18-உடன் 21 நாள் கூட்டினால் டிசம்பர் 9. அதன்பிறகு உள்பூச்சு, தரை, கதவு ஜன்னல், மின்வேலை, பெயிண்ட் எல்லாவற்றுக்கும் முதல் திட்டத்தில் இருந்த அதே ஐந்து வாரம். கூட்டினால் ஜனவரி 13.

கணக்குப்படி வந்த அந்தத் தேதியை நான் கேட்கவில்லை. அது பொங்கல் வாசல். எங்கள் ஆட்கள் பாதிப் பேர் தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கத்தவர்கள். பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பே பஸ் ஏறிவிடுவார்கள், ஒரு வாரம் கழித்துத்தான் திரும்புவார்கள். உள்ளூர்ப் படுகர் ஆட்களுக்கு அதற்கு முன்பே ஹெத்தை அம்மன் திருவிழா வரும். அந்த நாட்களில் அவர்களைக் கூப்பிடக்கூட முடியாது, கூப்பிடவும் கூடாது. ஜனவரி 13 என்று சொல்லி ஒரே ஒரு நாள் தவறினாலும் அது தானாகவே பத்து நாள் ஆகிவிடும். அதனால் ஆட்கள் திரும்பி வந்து மீதியை முடிக்க நாள் விட்டு ஜனவரி 24 என்று கேட்டேன். 13 எப்படி வந்தது, அது ஏன் 24 ஆனது என்பதையும் கடிதத்திலேயே எழுதினேன். நிறைய பேர் கையில் பத்து நாளை ஒளித்து வைத்துக்கொண்டு கேட்பார்கள். எதிரில் இருப்பவர் பேரம் பேசி அதில் ஐந்து நாளைக் குறைப்பார். கணக்கை மேசைமேல் விரித்துவிட்டால் பேரத்துக்கு இடமே இருக்காது என்பது என் அனுபவம்.

முடிந்த வேலையை எழுதுவதில் ஒரு பழக்கம் உண்டு, "எண்பது சதவீதம் முடிந்தது" என்று போடுவது. செலவிலா, நாளிலா, அளவிலா என்று யாருக்கும் தெரியாது. நான் இப்படி எழுதினேன்:

"அஸ்திவாரம், தூண், சுவர் முழுவதும் முடிந்தது. மேல்தளம் நவம்பர் 18-இல் போடப்பட்டது, நனைப்பு நடக்கிறது. தளத்துக்குள் செல்லும் மின்குழாய்கள் பதித்தாகிவிட்டன. கதவுகள் வந்து சைட்டில் உள்ளன. கான்கிரீட் கியூப்களின் 7 நாள் சோதனை நவம்பர் 25-இல். தொடங்காதவை: உள்பூச்சு, தரை, பெயிண்ட், மின் இணைப்பு. ஜன்னல் கிரில் வரவில்லை. டிசம்பர் 9-க்கு முன் தேவைப்படாது."

தொடங்காததையும் எழுதியதில் முதலாளிக்குச் சங்கடம். ஆனால் தாளாளர் இந்தக் கடிதத்தைத் தானே படித்துவிட்டுப் போவதில்லை. அதை நிர்வாகக் குழுவில் வைக்க வேண்டும். அங்கே ஒருவர், "பாதி வேலைகூட ஆகலையாமே?" என்று கேட்டால், சைட்டுக்கு வராத தாளாளர்தான் பதில் சொல்ல வேண்டும். அவருக்குப் பதில் சொல்லத் தேவையானது அத்தனையும் அந்த ஒரு பக்கத்தில் இருந்தாக வேண்டும். வந்து பார்த்தால் எது தெரியுமோ அதுவேதான் கடிதத்திலும் இருக்க வேண்டும்.

கடிதத்தைக் கையில் கொடுத்தபோது அவர் நின்றபடியே படித்தார். பிறகு உட்காரச் சொல்லி, "தம்பி, இன்னும் பத்து ஆள் போட்டா சீக்கிரம் முடியாதா? செலவைப் பேசிக்கலாம்" என்றார்.

"பூச்சுக்கு ஆள் கூட்டலாம் அம்மா. முட்டுக்கு முடியாது. அது ஆள் வேலை இல்ல, கான்கிரீட் இறுகற நேரம். டிசம்பர் 9-க்கு முன்னாடி நீங்க கேட்டாலும் பிரிக்க மாட்டேன். கீழே பிள்ளைங்க உட்காரப் போறாங்க."

அவர் தலையாட்டினார். எதைப் பணத்தால் சுருக்கலாம், எதை முடியாது என்று பிரித்துச் சொன்ன பிறகு பேச்சே மாறிவிட்டது. ஒரு அறையை மட்டும் முதலில் முடித்து ஜனவரி 8 வாக்கில் தரலாம், ஆட்களை எல்லாம் அதிலேயே போடுகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு வேண்டாம் என்றார். பக்கத்து அறையில் சிமெண்டும் கம்பியும் கிடக்கும்போது எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை அங்கே உட்கார வைக்க அவருக்கு மனசில்லை. நானும் அதை வற்புறுத்தவில்லை, அவர் சொன்னதுதான் சரி. அதுவரை வகுப்பை நூலக அறையில் நடத்துவது, புது அறைக்கு ஜனவரி கடைசி வாரத்தில் போவது என்று அங்கேயே முடிவானது. அந்த முடிவை நவம்பரில் எடுக்க முடிந்ததால்தான் பள்ளி திறக்கும் நாளில் அவர் தடுமாறவில்லை. டிசம்பர் 28-இல் போய்க் கேட்டிருந்தால் அதே 24 நாள் நீட்டிப்பு அவருக்கு வேறு விதமாக வலித்திருக்கும்.

குழு ஒப்புதல் கொடுத்து எழுத்தில் பதில் வந்தது. வாய்ச்சொல்லோடு விட்டுவிடாமல் அதை வாங்கிக் கோப்பில் வைப்பது முக்கியம். ஒப்பந்தத்தில் தாமத அபராதம் பற்றிய பிரிவு இருந்தால், பில் கணக்குப் பார்க்கும்போது அந்தத் தாள்தான் பேசும்.

25-ஆம் தேதி கியூப் சோதனை முடிந்ததும் முடிவை அனுப்பினேன். டிசம்பர் 9 மாலை முட்டு பிரித்ததும் தளத்தின் அடிப்பக்கத்தைப் படம் எடுத்து, "முட்டு பிரித்தாயிற்று. விரிசல் இல்லை. நாளை உள்பூச்சு. ஜனவரி 24-இல் மாற்றம் இல்லை" என்று அனுப்பினேன். சிறிது நேரத்தில் தாளாளர் கூப்பிட்டார். பெஞ்சு, டெஸ்க்குக்கு ஆர்டர் கொடுக்கப் போகிறாராம், லாரியை எந்த நாள் வரச் சொல்லட்டும் என்று கேட்டார். தரை மெருகேற்றிக் காய வேண்டும், அதனால் 24-க்கு முன் வேண்டாம், 25 காலை வரட்டும் என்றேன்.