ஆர்டர் வந்ததிலிருந்து பார்சல் கிளம்பும் வரை: சிறு கடை காப்பாற்றக்கூடிய கெடு எது?

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் பூசைப் பொருள் விற்கும் சிறு கடை எங்களுடையது. குத்துவிளக்கு, பூசைத் தட்டு, கோலப்பொடி, அதோடு பெயர் பொறித்துத் தரும் பித்தளை விளக்கு. ஆர்டரில் பாதி ஓர் இணையச் சந்தை வழியாக வருகிறது, மீதி வாட்ஸ்அப்பில். "ஒரே நாளில் அனுப்புகிறோம்" என்று போடலாமா, இரண்டு நாள் என்று போடலாமா என்ற கேள்விக்கு ஊகத்தில் பதில் சொல்லாமல், எங்கள் கணக்கிலிருந்தே பதில் எடுத்த முறையை இங்கே எழுதுகிறோம்.

முதலில் கடிகாரம் எங்கே தொடங்குகிறது, எங்கே நிற்கிறது என்று முடிவு செய்ய வேண்டும். இணையச் சந்தை ஆர்டரில் சிக்கல் இல்லை. பணம் செலுத்திய நேரம் கோப்பிலேயே இருக்கும். வாட்ஸ்அப் ஆர்டரில்தான் குழப்பம். திங்கள் காலை விலை கேட்பார், மாலையில் "சரி" என்பார், செவ்வாய் பேநவ்வில் பணம் வரும், முகவரி அதற்கும் பிறகு வரும். நாங்கள் பணம் வந்த நேரத்தையே தொடக்கமாக வைத்தோம். முகவரி வந்த பிறகுதான் எண்ண வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். ஆனால் பணம் கட்டியவர் அந்த நிமிடத்திலிருந்தே காத்திருக்கத் தொடங்கிவிடுகிறார். முகவரியைப் பணத்துக்கு முன்னால் வாங்கிவிட்டால் இந்த வாதமே எழாது.

முடிவுப் புள்ளி, கூரியர் ஆள் பார்சலை வாங்கி முதல் ஸ்கேன் செய்த நேரம். லேபிள் அச்சடித்த நேரம் அல்ல, பொட்டலம் கட்டிய நேரமும் அல்ல. ஆனால் கட்டிய நேரத்தை விரிதாளில் தனிப் பத்தியில் கட்டாயம் குறித்து வையுங்கள். தாமதம் எங்கே நடக்கிறது என்று காட்டுவது அந்தப் பத்திதான். ஓர் ஆர்டரைப் பார்ப்போம்: வெள்ளி மாலை 3.40-க்குப் பணம் வந்தது, சனி 4.20-க்குக் கட்டி முடித்தோம், திங்கள் 4 மணிக்கு ஸ்கேன் ஆனது. கூரியர் தினமும் 4 மணிக்கு வருகிறார், ஞாயிறு வரமாட்டார். இருபது நிமிடம் பிந்தியதால் விளக்கு இரண்டு நாள் கடையிலேயே உட்கார்ந்திருந்தது. கட்டிய நேரம் மட்டும் இருந்தால் இது மறுநாளே அனுப்பிய ஆர்டராகத் தெரியும். ஸ்கேன் நேரம் மட்டும் இருந்தால் பொட்டலம் கட்டுபவர் மெதுவானவர் என்று தோன்றும். இரண்டும் தவறு.

விரிதாளில் பத்திகள் இப்படி: A ஆர்டர் எண், B பணம் வந்த நேரம், C கட்டிய நேரம், D ஸ்கேன் நேரம், E வகை. வகையில் "தயார்" அல்லது "பெயர்" என்று எழுதுகிறோம். F எண்ணத் தொடங்கும் நாள், G கெடு, H தாமதமா, I எத்தனை வேலை நாள். கடை ஞாயிறு மட்டும் மூடும், அன்றைய ஆர்டருக்கான கட்டாஃப் மதியம் 1 மணி என்று வைத்தால்:

```
F2: =WORKDAY.INTL(INT(B2)-IF(MOD(B2,1)<13/24,1,0),1,11,Hol!$A$2:$A$30)
G2: =WORKDAY.INTL(F2,2,11,Hol!$A$2:$A$30)
H2: =IF(D2="",IF(TODAY()>G2,1,0),IF(INT(D2)>G2,1,0))
I2: =IF(D2="","",MAX(0,NETWORKDAYS.INTL(F2,INT(D2),11,Hol!$A$2:$A$30)-1))
```

இதில் 11 என்பது ஞாயிறு மட்டும் விடுமுறை என்பதற்கான குறியீடு. G2-இல் உள்ள 2, நாம் சொல்லியிருக்கும் வேலை நாள்களின் எண்ணிக்கை. பெயர் பொறிக்கும் வரிசைகளில் அதற்குரிய எண்ணைப் போடுங்கள். I2-இல் MAX எதற்கு என்றால், கட்டாஃப் தாண்டி வந்த ஆர்டரை அன்றே அனுப்பிவிட்டால் விடை எதிர்மறையாகி, சராசரியைக் கெடுத்துவிடும். Hol தாளில் மனிதவள அமைச்சு வெளியிடும் பொது விடுமுறை நாள்களை எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை விழும் விடுமுறைக்குத் திங்களையும் சேர்க்க வேண்டும். தைப்பூசத்துக்கும் பொங்கலுக்கும் கடையை மூடுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: சிங்கப்பூரில் அவை பொது விடுமுறை அல்ல. வாங்குபவருக்கு முன்கூட்டியே சொல்லாமல் அவற்றைப் பட்டியலில் சேர்த்தால், கணக்கில் தாமதம் மறையும், வாடிக்கையாளரின் காத்திருப்பு மறையாது.

சில தளங்களின் கோப்பில் நேரம் UTC-யில் வரும், அது நம் நேரத்துக்கு 8 மணி நேரம் பின்னால். திங்கள் காலை 7 மணி ஆர்டர் ஞாயிறு இரவு 11 மணி என்று பதிவாகியிருக்கும். நேரம் தெரிந்த ஓர் ஆர்டரை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகே மேலே போங்கள்.

அடுத்தது தாமத விகிதம். பெரும்பாலோர் இந்த மாதம் அனுப்பியவற்றில் எத்தனை தாமதம் என்று கணக்கிடுகிறார்கள். அப்படிச் செய்தால் கெடு தாண்டி இன்னும் அலமாரியில் கிடக்கும் ஆர்டர் கணக்கிலேயே வராது. மோசமான மாதத்தில்தான் அப்படிக் கிடப்பவை அதிகம், அதனால் அந்த மாதம் உள்ளதைவிட நன்றாகத் தெரியும். வகுக்க வேண்டிய எண், அந்தக் காலத்துக்குள் கெடு முடிந்த எல்லா ஆர்டர்களும். அனுப்பியதா இல்லையா என்பது பொருட்டல்ல. J1-இல் தொடக்க நாள், J2-இல் கடைசி நாள். கடைசி நாள் நேற்றைத் தாண்டக் கூடாது.

```
=SUMIFS(H:H,G:G,">="&J1,G:G,"<="&J2)/COUNTIFS(G:G,">="&J1,G:G,"<="&J2)
```

வாங்குபவரே ரத்து செய்ததை எடுத்துவிடலாம். ஸ்டாக் இல்லாமல் நாம் ரத்து செய்ததை எடுக்கக் கூடாது. அந்த வரிசையில் H-இல் கையால் 1 போடுகிறோம்.

இப்போது ஒரு மாதத்துக் கணக்கு. 120 ஆர்டர். தொடக்க நாளிலேயே கிளம்பியவை 52, ஒரு வேலை நாளில் 41, இரண்டில் 13, மூன்றில் 6, நான்கில் 4, அதற்கு மேல் 4. கடைசி நான்கும் 5, 6, 8, 9 நாள் எடுத்தவை. சராசரி ஒரு நாளுக்குச் சற்று மேல். இதை மட்டும் பார்த்து "ஒரே நாள்" என்று போட்டிருந்தால் 27 பேருக்கு, அதாவது நூற்றுக்கு 22 பேருக்கு மேல், சொன்ன கெடு தவறியிருக்கும். கெடு வைக்கச் சராசரி உதவாது. வேகமாகப் போன 52 சேர்ந்து அதைக் கீழே இழுத்துவிடுகின்றன. பார்க்க வேண்டியது, நூற்றுக்குத் தொண்ணூறோ தொண்ணூற்றைந்தோ எந்த நாளுக்குள் கிளம்பிவிடுகின்றன என்பதை.

அதையும் வகை பிரிக்காமல் பார்த்துப் பயனில்லை. 120-இல் பெயர் பொறித்தவை 22, தயார்ப் பொருள் 98. தயார்ப் பொருளில் 91 ஒரு நாளுக்குள், 97 இரண்டு நாளுக்குள் கிளம்பிவிட்டன. இரண்டு நாள் என்று சொன்னால் தாமதம் ஒன்றே ஒன்று. மூன்று நாளைத் தாண்டிய எட்டும் பெயர் பொறித்தவை. மொத்தமாகப் பார்த்து எல்லாவற்றுக்கும் ஐந்து நாள் என்று போட்டால், மறுநாளே அனுப்பக்கூடிய கோலப்பொடிக்கும் ஐந்து நாள் என்று காட்டி, வாங்க வந்தவரை அடுத்த கடைக்கு அனுப்பிவிடுவோம்.

பெயர் பொறித்ததில் ஐந்து நாளோ அதற்கு மேலோ எடுத்த நான்கிலும் காரணம் ஒன்றே. வேலை மெதுவில்லை; பெயரின் எழுத்துக்காகக் காத்திருந்தோம். ஆங்கிலத்தில் அனுப்பிய பெயரைத் தமிழில் பொறிக்கும்போது ர-வா ற-வா, ன-வா ண-வா என்று கேட்டு அனுப்பினால், பதில் வர மூன்று நாள் ஆகும். பித்தளையில் ஒருமுறை பொறித்ததை அழிக்க முடியாது, அதனால் கேட்காமலும் இருக்க முடியாது. பெயரை வாங்குபவரே தமிழில் தட்டச்சு செய்து அனுப்பிய பிறகே பணம் வாங்குவது, அதை அப்படியே நகலெடுத்து ஒட்டுவது என்று மாற்றினோம். அதன் பிறகு ஐந்து வேலை நாள் என்ற கெடு தாங்குகிறது.

தயார்ப் பொருளில் ஒரு நாளைத் தாண்டிய ஏழில் ஐந்து, வார இறுதியில் வந்து திங்களன்று குவிந்தவை. ஒரு விளக்கைச் சுற்றிப் பெட்டியில் வைத்து லேபிள் ஒட்டப் பத்து நிமிடம் ஆகிறது. ஆர்டர் அதிகமான நாளில் 12 பார்சல், இரண்டு மணி நேரம். கூரியர் 4 மணிக்கு வருகிறார் என்றால் 2 மணிக்காவது தொடங்க வேண்டும். பொருளை எடுத்துச் சரிபார்க்க ஒரு மணி நேரம் விட்டால் கட்டாஃப் 1 மணி. இந்த நேரம் இப்படிப் பின்னோக்கி எண்ணித்தான் கிடைத்தது. மிகவும் குவிந்த திங்களன்று 22 பார்சல், மூன்று மணி நாற்பது நிமிடம். ஆகவே திங்களன்று காலையிலேயே வார இறுதி ஆர்டர்களைக் கட்டத் தொடங்குகிறோம்.

வெளியே சொல்லும் கெடு: தயார்ப் பொருளுக்கு இரண்டு வேலை நாள், பெயர் பொறித்ததற்கு ஐந்து. உள்ளே நாங்கள் துரத்தும் இலக்கு தயார்ப் பொருளுக்கு ஒரு நாள். அந்த ஒரு நாளை வாங்குபவரிடம் சொல்வதில்லை. கூரியர் வராத நாளையும் உடம்பு முடியாத நாளையும் தாங்குவது அந்த இடைவெளிதான். தாமத விகிதத்துக்கு நூற்றுக்கு மூன்று என்று எல்லை வைத்திருக்கிறோம்.

எல்லையை வாரா வாரம் பார்த்துப் பதறாதீர்கள். வாரத்துக்கு 25 ஆர்டர் என்றால் ஒன்று தவறினாலே நூற்றுக்கு நான்கு. மாதம் 40 ஆர்டர் போகும் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். உண்மையான தாமதம் நூற்றுக்கு மூன்றாகவே நிலையாக இருந்தாலும், பத்தில் மூன்று மாதம் ஒன்றுகூடத் தாமதமாகாது. எட்டு ஒன்பது மாதத்துக்கு ஒருமுறை மூன்றோ அதற்கு மேலோ தாமதமாகும், அதாவது நூற்றுக்கு ஏழுக்கு மேல். எதுவும் மாறாமலேயே எண் இப்படி ஆடும். அதனால் கடைசி 100 ஆர்டரைச் சேர்த்துத்தான் விகிதம் பார்க்கிறோம். தாமதமான ஒவ்வொன்றுக்கும் காரணத்தை மட்டும் அன்றே ஒரு சொல்லில் எழுதி வைக்கிறோம்: ஸ்டாக், பெயர், குவியல், கூரியர். ஒரே சொல் மூன்றுமுறை வந்தால் அதைக் கவனிக்க நூறு ஆர்டர் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

தீபாவளி நெருங்கும்போது இந்தக் கெடு தாங்காது. ஒருவரால் நாளுக்கு அதிகபட்சம் 24 பார்சல்தான் கட்ட முடியும், நான்கு மணி நேர வேலை. நாளுக்கு 40 ஆர்டர் வந்தால் தினம் 16 தேங்கும். ஐந்து நாளில் 80 தேங்கி, புதிதாக வருபவர் மூன்று நாளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருக்கும். தாமத விகிதம் இதை ஒரு வாரம் கழித்துத்தான் காட்டும். தேங்கியதை 24-ஆல் வகுத்துத் தினமும் மாலையில் பார்த்தால் அன்றே தெரியும். விடை ஒன்றரையைத் தாண்டினால் அன்றிரவே கெடுவை ஒரு நாள் கூட்டிவிடுகிறோம். ஏற்கெனவே பணம் கட்டியவர்களுக்குப் பழைய கெடுதான். அவர்களுடையதை முதலில் கட்டுகிறோம்.

2026-இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு; திங்களும் விடுமுறை. வெள்ளி 6-ஆம் தேதி விளக்கு கையில் இருக்க வேண்டும், கூரியருக்கு இரண்டு வேலை நாள் என்றால் புதன் 4-ஆம் தேதிக்குள் ஸ்கேன் ஆக வேண்டும். அங்கிருந்து பின்னோக்கி எண்ணினால், வழக்கமான கெடுவிலேயே தயார்ப் பொருளுக்குக் கடைசி நேரம் திங்கள் நவம்பர் 2 மதியம் 1 மணி, பெயர் பொறித்ததற்கு வியாழன் அக்டோபர் 29 மதியம் 1 மணி. கெடுவை எத்தனை நாள் கூட்டுகிறோமோ, இவற்றையும் அத்தனை வேலை நாள் முன்னால் நகர்த்த வேண்டும்.