ஏழு நாள் குடிக்க வேண்டியதை ஏழு வாரம் குடித்தேன்

இரத்தசோகைக்காக இரும்புச்சத்து மாத்திரை ஆரம்பித்த இரண்டாவது வாரமே மலச்சிக்கல் பிடித்துக்கொண்டது. நான்கு நாள் போகவில்லை, ஐந்தாம் நாளும் இல்லை. மருந்துக்கடையில் சென்னா டீ வாங்கினேன். நிலாவரை என்று நாம் சொல்லும் அதே செடியின் காய்ந்த இலைதான் அந்தப் பைகளில் இருக்கிறது. ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு பையை வெந்நீரில் பத்து நிமிடம் ஊறப்போட்டுக் குடித்தேன், காலை ஐந்தரைக்கு வயிற்றை லேசாக முறுக்கியது, போய் உட்கார்ந்ததும் எல்லாம் இறங்கிவிட்டது. அந்த நிம்மதி இருக்கிறதே, ஐந்து நாள் அடைத்துக்கொண்டு கிடந்தவர்களுக்குத்தான் தெரியும்.

தப்பு நடந்தது அதற்கு அடுத்த மூன்று நாட்களில். குடல் மொத்தமாகக் காலியான பிறகு அது மறுபடி நிரம்ப இரண்டு மூன்று நாளாகும், அதுவரை மலம் வராது, வர அங்கே எதுவும் கிடையாது. இது எனக்கு அப்போது தெரியாது. மறுநாள் வரவில்லை என்றதும் மலச்சிக்கல் திரும்பிவிட்டதாக நினைத்து இன்னொரு பை போட்டேன். மறுபடி காலியானது. மறுபடி இரண்டு நாள் வெறுமை, மறுபடி ஒரு பை. அப்படியே தினசரிப் பழக்கமாகிவிட்டது. நான்காவது வாரத்தில் ஒரு பைக்கு ஒழுங்காக வரவில்லை என்று இரண்டு பையை அரைமணி நேரம் ஊறவைத்துக் குடித்தேன். மாத்திரை என்றால் ஒன்றில் இவ்வளவு மில்லிகிராம் என்று தெரியும். டீயில் அது தெரியாது. ஊறும் நேரமும் தண்ணீரின் சூடும் மாறினால் இறங்கும் அளவும் மாறும். சென்னாவில் வேலை செய்யும் பொருளுக்குச் சென்னோசைடு என்று பெயர். பெரியவர்களுக்கு வழக்கமான அளவு ராத்திரி ஒரு வேளை 15 முதல் 30 மில்லிகிராம். நான் எவ்வளவு குடித்தேன் என்பதை இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது.

இதற்கு நடுவில் கற்றாழையும் சேர்ந்துகொண்டது. முதலில் பாட்டிலில் வரும் கற்றாழை ஜூஸ் வாங்கி ஒரு வாரம் குடித்தேன், ஒரு மாற்றமும் இல்லை. சரி, கடைச் சரக்கு சரியில்லை என்று முடிவு செய்து, தொட்டியில் இருந்த சோற்றுக்கற்றாழையில் ஒரு மடலை வெட்டி, முள்ளை மட்டும் சீவிவிட்டுத் தோலோடு மிக்ஸியில் அடித்தேன். வெட்டிய இடத்தில் மஞ்சளாக ஒரு பால் கசிந்து தட்டில் சொட்டியது நன்றாக நினைவிருக்கிறது. நாக்கில் பட்டதும் தொண்டை வரைக்கும் கசப்பு. அன்று ராத்திரி சென்னா டீயும் குடித்திருந்தேன். விடியற்காலை மூன்று மணியிலிருந்து ஏழு மணிக்குள் ஆறு தடவை தண்ணீராகப் போனது, வயிற்றுவலியில் சுருண்டு படுத்துவிட்டேன்.

அந்த மஞ்சள் பாலில்தான் விஷயம் இருக்கிறது. மடலின் நடுவில் இருக்கும் கண்ணாடி போன்ற சோறு பேதியாக்காது. தோலுக்கு அடியில் ஓடும் மஞ்சள் பாலில் இருக்கும் அலோயின்தான் பேதியாக்குவது, அது சென்னோசைடின் நெருங்கிய உறவு. குடிப்பதற்கென்று விற்கும் ஜூஸில் அதை வடிகட்டி எடுத்துவிடுவதால்தான் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பாட்டில் சரியாகத்தான் இருந்திருக்கிறது. தோலோடு அரைத்த அன்று நான் ஒரே வகை மருந்தை இரண்டு பெயரில் சேர்த்துக் குடித்திருக்கிறேன். அமெரிக்காவில் மருந்துச் சீட்டில்லாமல் விற்கும் பேதி மருந்துகளிலிருந்து கற்றாழையை 2002-லேயே நீக்கிவிட்டார்கள், பாதுகாப்புக்குப் போதுமான ஆதாரம் இல்லை என்பதால். முழு மடலிலிருந்து எடுத்த சாற்றை, எலிகளில் குடல் கட்டிகள் வந்ததை வைத்து, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. இதைப் படித்த பிறகு கற்றாழையைப் பேதிக்காக நான் தொடுவதே இல்லை.

ஆறாவது வாரம் கெண்டைக்கால் இழுக்க ஆரம்பித்தது. தூக்கத்தில் கட்டை போல இறுகி எழுப்பிவிடும். மாடிப்படி ஏறினால் தொடை துவண்டது, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சில் ஒரு துடிப்பு தப்பி அடுத்தது பலமாக அடிப்பது போல இருந்தது. இரத்தசோகைதான் காரணம் என்று நினைத்து ஒரு வாரத்தை வீணாக்கினேன். மருத்துவர் இரத்தம் எடுத்துப் பார்த்தபோது பொட்டாசியம் 3.0. சாதாரணமாக 3.5-க்கு மேல் இருக்க வேண்டும்.

என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார், சொன்னேன். இரத்த அழுத்தத்துக்கு நான் எடுப்பது சிறுநீரை அதிகமாக்கும் வகை. டீயைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை, அது மருந்து என்றே தோன்றவில்லை. மூலிகை ஏதாவது குடிக்கிறீர்களா என்று அவர்தான் தனியாகக் கேட்டார். சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு விளக்கினார். சென்னா சிறுகுடலில் ஒன்றும் செய்யாமல் போய், பெருங்குடலில் இருக்கும் பாக்டீரியா அதை உடைத்த பிறகுதான் வேலை செய்யுமாம், அதனால்தான் எட்டு மணி நேரம் பிடிக்கிறது. அது குடலை இறுக்கித் தள்ளுவதோடு, தண்ணீரையும் உப்புகளையும் உடம்பு திரும்ப உறிஞ்ச விடாமலும் தடுக்கிறது. அந்தத் தண்ணீரோடு பொட்டாசியமும் போய்விடும். என் அழுத்த மாத்திரை சிறுநீர் வழியாகவும் அதையே வெளியேற்றிக்கொண்டிருந்தது. இதயத்துக்கு டிகாக்சின் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த நிலை இன்னும் ஆபத்து, பொட்டாசியம் குறைந்தால் அந்த மருந்தே விஷம் போல ஆகிவிடும் என்றார்.

டீயை அன்றே நிறுத்தச் சொன்னார். இரண்டு வாரம் பொட்டாசியம் மருந்து, இரும்பு மாத்திரை ஒருநாள் விட்டு ஒருநாள், தினமும் இசப்கோல் உமி ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு. தண்ணீர் குறைந்தால் உமியே அடைத்துக்கொள்ளும் என்பதை இரண்டு தடவை சொன்னார். காலை சாப்பிட்டு இருபது நிமிடத்தில், வந்தாலும் வராவிட்டாலும், காலுக்குக் கீழே சின்ன ஸ்டூல் வைத்துப் போய் உட்காரச் சொன்னார். சாப்பாடு இறங்கியதும் பெருங்குடல் தானாக அசையும் நேரம் அது.

முதல் நான்கு நாள் ஒன்றுமே வரவில்லை, வயிறு உப்பிக்கொண்டது. டீப் பெட்டி அலமாரியிலேயே இருந்தது, எடுக்கக் கை போனது உண்மை. ஐந்தாம் நாள் கொஞ்சம், கெட்டியாக. பத்தாம் நாளுக்குப் பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் சிரமமில்லாமல் போனது. தினமும் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, வாரத்துக்கு மூன்று தடவை போனாலே போதும் என்று அவர் சொல்லியிருந்ததால் பதறவில்லை. மூன்றாம் வாரம் பொட்டாசியம் 4.1. கால் இழுப்பு அதற்கு முன்பே நின்றிருந்தது.

சென்னாவை நான் முழுசாக ஒதுக்கவில்லை. உமியும் தண்ணீரும் கைகொடுக்காத சமயத்தில், மருத்துவரைக் கேட்டுவிட்டு, அளவு தெரிந்த மாத்திரையாக ராத்திரி ஒன்று. வாரத்தில் இரண்டு மூன்று ராத்திரிக்கு மேல் இல்லை, ஒரு வாரத்தைத் தாண்டினால் மறுபடி அவரிடம்தான். சிறுநீர் செம்பழுப்பாகப் போனால் அது சென்னாவின் நிறம், முதல் தடவை பார்த்து நான் பயந்துவிட்டேன். காரணம் தெரியாத வயிற்றுவலி, வாந்தி, காய்ச்சல், மலத்தில் இரத்தம் இவற்றில் எது இருந்தாலும் தொடக்கூடாது, குடல் அடைப்போ குடல்வால் அழற்சியோ இருந்து அதன்மேல் பேதி மருந்து விழுந்தால் நிலைமை மோசமாகிவிடும். குடல் அழற்சி நோய் உள்ளவர்களுக்கும் 12 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கும் வீட்டில் நாமாகக் கொடுப்பதற்கில்லை. கர்ப்பிணிகள் கற்றாழையைத் தவிர்த்துவிட வேண்டும், சென்னாவையும் கேட்காமல் எடுக்கக் கூடாது. இப்போது மருத்துவரிடம் காட்டும் என் மாத்திரைச் சீட்டில் கடைசி வரியில் இசப்கோலையும் சென்னாவையும் எழுதி வைத்திருக்கிறேன், பக்கத்தில் கடைசியாகப் போட்ட தேதியோடு.