பன்னிரண்டு பாட்டில்களும் ஒரு புகார்க் கடிதமும்

நான் வேலை செய்யும் சலூனில் வாடிக்கையாளர்களைக் கவனிப்பதோடு சரக்கு அறையின் பொறுப்பும் என்னிடம்தான் இருக்கிறது. ஒரு நாள் மாலை, நரைக்குச் சாயம் இடுவதில் நல்ல கைப்பழக்கம் உள்ள எங்கள் பெண் ஒருத்தி என்னிடம் வந்து, "அக்கா, இந்த வாரத்தில் மூன்றாவது ஆள். அதே டியூப், அதே நேரம், ஆனால் காதோரத்து நரை பிடிக்கவே இல்லை" என்றாள். டியூபின் நிறம் மாறவில்லை, கலக்கும் அளவும் மாறவில்லை. மாறியிருந்தது ஒன்றுதான்: புதிதாக வந்த பெட்டியிலிருந்து டெவலப்பர் எடுக்கத் தொடங்கியிருந்தோம். சரக்கு அறைக்குப் போய் ஒரு பாட்டிலை விளக்கின் கீழே சாய்த்துப் பார்த்தேன். கழுத்துப் பகுதியில், வெள்ளைப் பிளாஸ்டிக்கின் மேல் சிறு புள்ளிகளாக அச்சிட்டிருந்த காலாவதித் தேதி, அந்தப் பெட்டி எங்கள் வாசலுக்கு வருவதற்கு இரண்டு மாதம் முன்பே முடிந்திருந்தது.

டெவலப்பர் என்பது ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த பாலேடு போன்ற திரவம். நரையை மூட நாங்கள் பயன்படுத்துவது 6 சதவீதம், அதாவது 20 வால்யூம். டியூபில் இருக்கும் சாயப்பொருள் நிறமற்ற சிறு மூலக்கூறுகளாக முடிக்குள் நுழைந்து, பெராக்சைடு தரும் ஆக்சிஜனால்தான் உள்ளேயே நிறமாக மாறி நிலைக்கிறது. பெராக்சைடு தானாகவே மெல்ல நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துகொண்டிருக்கும் பொருள். சூடும் வெளிச்சமும் அழுக்கும் அதை விரைவுபடுத்தும். வீரியம் குறைந்துவிட்டால் முதலில் காட்டிக்கொடுப்பது காதோரமும் நெற்றி வரம்பும்தான், ஏனென்றால் அங்கே இருக்கும் நரை எளிதில் சாயம் ஏற்காது. பார்வைக்கோ வாசனைக்கோ பாட்டிலில் எந்த வேறுபாடும் தெரியாது என்பதால், அச்சிட்ட தேதியைத் தவிர எங்களுக்கு வேறு துணை இல்லை.

பெட்டியை மறுபடி எடுத்துப் பார்த்தபோதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த சீட்டில் வேறொரு பேட்ச் எண்ணும், இன்னும் ஒன்றரை ஆண்டு மீதமுள்ள தேதியும் இருந்தன. உள்ளே இருந்த பாட்டில்கள் அந்த பேட்ச் அல்ல. மூடியிருந்த நாடாவின் அடியில் கிழிந்த பழைய நாடாவின் ஓரம் தெரிந்தது. சரக்கு வந்த அன்று நான் பெட்டிச் சீட்டை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

அன்றிரவே விநியோகஸ்தருக்கு ஒரு கடிதம் எழுதினேன். அனுப்பவில்லை, அனுப்பாதது நல்லதாயிற்று. திருப்பி வந்த பழைய சரக்கைப் புதுப் பெட்டியில் போட்டு எங்கள் தலையில் கட்டிவிட்டீர்கள் என்றும், மூன்று வாடிக்கையாளர்களுக்கு மறுபடி வேலை செய்துகொடுக்க வேண்டியதாயிற்று என்றும், உங்கள் பொருளில் வீரியமே இல்லை என்றும் அதில் இருந்தது. மறுநாள் காலையில் படித்துப் பார்த்தபோது, அவர்கள் இடத்தில் நான் இருந்தால் இதற்கு என்ன பதில் எழுதுவேன் என்று யோசித்தேன். வீரியம் குறைந்தது நீங்கள் வைத்த இடத்தின் சூட்டினால் என்பேன். நரை பிடிக்காதது கலந்த முறையினால் அல்லது நேரம் போதாததினால் என்பேன். அதை மறுக்க என்னிடம் ஆதாரம் இல்லை. காலாவதி கடந்து இரண்டே மாதம் ஆன டெவலப்பர், நல்ல குளுமையில் இருந்திருந்தால் ஒருவேளை ஒழுங்காகவே வேலை செய்திருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். பழைய சரக்கு எப்படி அந்தப் பெட்டிக்குள் வந்தது என்பதும் என் ஊகமே. ஆனால் அனுப்பிய நாளிலேயே தேதி முடிந்திருந்தது என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆகவே கடிதம் அந்த ஒன்றின் மேல் மட்டும் நிற்க வேண்டும் என்று முடிவு செய்து, நரை பிடிக்காத கதையை ஒரு வாக்கியத்துக்குச் சுருக்கினேன்; ஊகத்தை முழுவதும் எடுத்துவிட்டேன்.

அடுத்த சிக்கல், இந்த பாட்டில்கள் அவர்களிடமிருந்துதான் வந்தன என்று எப்படிக் காட்டுவது என்பது. பில்லில் பொருளின் பெயரும் எண்ணிக்கையும் இருந்தனவே தவிர பேட்ச் எண் இல்லை. டெலிவரி சலானில் பெட்டிகளின் எண்ணிக்கை மட்டும், அதன் கீழே என் கையெழுத்து. பழைய சரக்கு உங்கள் அலமாரியிலேயே கிடந்திருக்கலாமே என்று அவர்கள் கேட்டால் நான் என்ன காட்டுவேன்? நல்லவேளையாகப் பெட்டியை நாங்கள் எறியவில்லை. அதன் மேல்மூடியில் எங்கள் சலூன் பெயரும் அந்தச் சலானின் எண்ணும் எழுதிய சிறு சீட்டு இருந்தது. திறந்த பெட்டி, அந்தச் சீட்டு, உள்ளே நிற்கும் பாட்டில்கள் மூன்றும் ஒரே படத்தில் விழும்படி முதலில் ஒரு படம் எடுத்தேன். பிறகு பெட்டியின் பக்கச் சீட்டையும் ஒரு பாட்டிலின் கழுத்தையும் அருகருகே வைத்து இன்னொன்று. தனித்தனியாக எடுத்த பத்துப் படங்களைவிட இந்த இரண்டும் அதிகம் பேசின. எங்கள் சரக்கு நோட்டில், புதுப் பெட்டிகள் வந்த நாளில் 6 சதவீத டெவலப்பர் கையிருப்பு ஒரே ஒரு பாட்டில் என்று எழுதியிருந்த பக்கத்தையும் நகல் எடுத்து இணைத்தேன்.

எண்ணிக்கையில்தான் மனம் சற்றுத் தடுமாறியது. பெட்டியில் பன்னிரண்டு ஒரு லிட்டர் பாட்டில்கள். ஒன்பது சீல் உடையாதவை. இரண்டு திறந்து பாதி பயன்படுத்தியவை. ஒன்று முழுவதும் தீர்ந்து பாட்டிலையும் எறிந்திருந்தோம். நாங்கள் பெரிய பாட்டிலிலிருந்து சிறிய பம்ப் பாட்டிலுக்கு ஊற்றிப் பயன்படுத்துவது வழக்கம். அப்படி ஊற்றிய பிறகு எந்த பேட்ச் எந்த வாடிக்கையாளருக்குப் போனது என்பதற்குத் தடயமே இல்லாமல் போகிறது. அது எங்கள் குறை. பன்னிரண்டுக்கும் கேட்பது நியாயம்தான், ஏனென்றால் பன்னிரண்டும் காலாவதியாகவே விற்கப்பட்டவை. ஆனால் கையில் இல்லாத பாட்டிலின் தேதியை நான் சத்தியம் செய்துதான் சொல்ல முடியும். அதைக் குறிப்பிட்டுவிட்டு, கோரிக்கையைப் பதினொன்றோடு நிறுத்திக்கொண்டேன்.

இறுதியில் அனுப்பிய கடிதத்தின் முக்கியப் பகுதி இது:

"மேற்கண்ட பில்லின்படி தாங்கள் அனுப்பிய நான்கு பெட்டி 6 சதவீத டெவலப்பரில், ஒரு பெட்டியில் இருந்த பாட்டில்களின் காலாவதித் தேதி, சரக்கு எங்களிடம் வந்து சேர்ந்த நாளுக்கு இரண்டு மாதம் முன்பே முடிந்துள்ளது. பெட்டியின் மேல் ஒட்டிய பேட்ச் எண்ணும் உள்ளிருக்கும் பாட்டில்களின் பேட்ச் எண்ணும் வேறுவேறாக உள்ளன; இரண்டும் படத்தில் தெளிவாகத் தெரியும். சீல் உடையாத ஒன்பதும் திறந்த இரண்டும் தனியே எடுத்துக் குறியிட்டு வைக்கப்பட்டுள்ளன; தாங்கள் வந்து பார்க்கும்வரை அவை பயன்படுத்தப்படவோ அப்புறப்படுத்தப்படவோ மாட்டா. பன்னிரண்டாவது பாட்டில் இதை நாங்கள் கவனிக்கும் முன் தீர்ந்துவிட்டது. பதினொரு பாட்டில்களுக்கும் ஈடாக, குறைந்தது பன்னிரண்டு மாதம் தேதி மீதமுள்ள அதே பொருளை அனுப்பக் கேட்டுக்கொள்கிறோம். அது கையிருப்பில் இல்லையெனில், இந்த பில் எண்ணைக் குறிப்பிட்டு கிரெடிட் நோட் தரவும். பழைய பாட்டில்களைத் தங்கள் செலவில் எடுத்துச் செல்லவும், பேட்ச் எண்ணுடன் ரசீது தரவும் வேண்டுகிறோம். பத்து நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் எதிர்பார்க்கிறோம்."

அவர்கள் பில்லின் பின்புறத்தில், குறை இருந்தால் ஏழு நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. நாங்கள் கண்டுபிடித்தது ஒன்பதாவது நாள். இதை மறைத்துவிடலாம் என்று எனக்கு ஒரு நொடி தோன்றியது. ஆனால் அவர்கள் எடுத்துக் காட்டும்வரை காத்திருப்பதைவிட நாமே சொல்லிவிடுவது மேல் என்று ஒரு பத்தி சேர்த்தேன். உடைசலும் ஒழுகலும் வழியில் நேர்பவை, வந்த உடனே சொன்னால்தான் யார் பொறுப்பு என்று தெரியும். அந்த நிபந்தனை அதற்கானது. தேதி முடிந்திருந்ததோ நாங்கள் வாங்கும் முன்பே நடந்தது, எங்கள் தாமதத்தால் அது கூடவும் இல்லை குறையவும் இல்லை. மேலும் பெட்டிச் சீட்டு சரியான தேதியைக் காட்டியதே எங்கள் தாமதத்துக்குக் காரணம் என்று எழுதினேன்.

நான்காம் நாள் அவர்களுடைய விற்பனைப் பிரதிநிதி நேரில் வந்தார். மரியாதையான மனிதர். "மேடம், இதற்குக் கடிதமெல்லாம் எதற்கு? அடுத்த ஆர்டரில் கழித்துக்கொள்ளலாம்" என்றார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார் என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் அடுத்த ஆர்டர் வரும்போது அவர் வேறு பகுதிக்கு மாறியிருந்தால் அந்தச் சொல் யாருடைய கணக்கில் நிற்கும்? "நீங்கள் சொன்னதையே எழுத்தில் தந்துவிடுங்கள் சார், எனக்கு அது போதும்" என்றேன். பிறகு அவர் இன்னொன்று சொன்னார்: மூன்று பெட்டிக்கு ஒன்று இலவசம் என்ற சலுகையில் வாங்கியது இது, காலாவதியானது அந்த இலவசப் பெட்டிதான், ஆகவே கிரெடிட் தர அதற்கு விலையே இல்லை என்று. நான் இதை எதிர்பார்க்கவில்லை. பில்லை மேசை மேல் விரித்து, எந்தப் பெட்டி இலவசம் என்று எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டேன். எங்கும் இல்லை. மூன்று பெட்டியின் தொகைக்கு நான்கு பெட்டி தந்தார்கள் என்றால், அந்தத் தொகை நாற்பத்தெட்டு பாட்டில்கள் மேலும் சமமாகத்தான் விழுகிறது. அப்படிக் கணக்கிட்ட விலையில் கிரெடிட் தந்தால் ஏற்றுக்கொள்கிறோம், முழு விலை கேட்கவில்லை என்றேன். அவர் கொஞ்ச நேரம் பில்லையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அலுவலகத்தில் பேசிச் சொல்வதாகக் கிளம்பினார்.

எட்டாம் நாள் பதில் வந்தது. சீல் உடையாத ஒன்பதுக்கு மாற்றுச் சரக்கு, திறந்த இரண்டுக்கு நாங்கள் சொன்ன சராசரி விலையில் கிரெடிட் நோட். பன்னிரண்டாவது பற்றி ஒன்றும் இல்லை, நாங்களும் கேட்கவில்லை. கிரெடிட் நோட்டில் முதலில் வேறொரு பில் எண் இருந்தது. அதைத் திருப்பி அனுப்பித் திருத்தி வாங்கினேன், இல்லையென்றால் ஆண்டுக் கணக்கு ஒப்பிடும்போது இந்த இரண்டு பாட்டிலின் தொகை எங்கள் பக்கம் நிலுவையாக நின்றிருக்கும்.

மாற்றுச் சரக்கைக் கொண்டுவந்த பையன் சலானை நீட்டினான். நான் பெட்டியைப் பிரித்து, ஒன்பது பாட்டில்களையும் ஒவ்வொன்றாகச் சாய்த்துக் கழுத்தைப் படித்தேன். அவன் வாசலில் பொறுமையாக நின்றான். ஒன்பதிலும் ஒரே பேட்ச், இருபது மாதம் மீதம். அந்த எண்ணைச் சலானின் இரு நகல்களிலும் என் கையாலேயே எழுதி, அவனையும் அதன் அருகில் கையெழுத்துப் போடச் சொன்னேன். பிறகு பழைய பதினொன்றையும் அவனிடம் எண்ணிக் கொடுத்து, அதே சலானில் அவற்றின் பேட்ச் எண்ணையும் எழுதி வாங்கிக்கொண்டேன்.