இலவச அன்பளிப்பு

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சேலைக்கடைக்கு தீபாவளி துண்டறிக்கை எழுதிக் கொடுத்தேன். கடைக்காரர் தந்த வாசகம் இது:

"200 ரிங்கிட்டுக்கு மேல் பொருள் வாங்கும் வாடிக்கையாளர்கள் அனைவருக்கும் ஒரு குங்குமச்சிமிழ் இலவச அன்பளிப்பாக இலவசமாக வழங்கப்படும்."

13 சொல். ஒரே வரியில் இரண்டு இலவசம்!

முன்னால் ஒட்டி நிற்கும் சொல் தேவையா என்று பார்க்க, நான் அதைத் திருப்பி, எதிர்ச்சொல்லாகப் போட்டுப் பார்ப்பேன். காசு வாங்கிக்கொண்டு தரும் அன்பளிப்பு உண்டா? இல்லை, அதனால் 'இலவச' போகலாம். துண்டறிக்கையின் அடுத்த பத்தியில் இருந்த 'கடந்த கால வரலாறு' கதையும் அதேதான். எதிர்கால வரலாறு என்று ஒன்று கிடையாதே. பொருள் வாங்குகிறவர்தானே வாடிக்கையாளர், அதுவும் போனது.

"200 ரிங்கிட்டுக்கு மேல் வாங்கும் அனைவருக்கும் குங்குமச்சிமிழ் அன்பளிப்பு." 7 சொல்.

'அனைவருக்கும்' என்பதை மட்டும் விட்டுவைத்தேன். அதை எடுத்தால், உறுப்பினர் அட்டை வேண்டுமா என்று கல்லாவில் கேட்பார்கள்.

கடைசி வரியில் 'இலவச பார்க்கிங்'. "அண்ணே, இதிலும் இலவசத்தை எடுத்துடலாமா?" என்று கடைக்காரரே கேட்டார். கூடாது. அந்தத் தெருவில் காசு கட்டி நிறுத்தும் பார்க்கிங்தான் அதிகம். திருப்பிப் போட்டாலும் பொருள் நிற்கிறது, ஆக அந்தச் சொல் அங்கே வேலை செய்கிறது.

மிச்சமான இடத்தில் கடை நேரத்தைப் பெரிய எழுத்தில் போட்டோம்.