நெல்லைப் பேச்சுக்கு ஒரு சின்ன ஒலித் தரவுத்தொகுப்பு: சம்மதம், வெட்டு, எழுத்து

தமிழுக்குத் திறந்த ஒலித் தரவு இல்லாமல் இல்லை. மொசில்லாவின் காமன் வாய்ஸ் இருக்கிறது, ஓப்பன்எஸ்எல்ஆர் தளத்தில் 65-ஆம் எண் தொகுப்பு இருக்கிறது. ஆனால் இவற்றில் பெரும்பகுதி திரையில் காட்டிய வாக்கியத்தை ஒருவர் வாசித்த பதிவு. வாசிக்கும்போது "திறந்துவிடுவார்கள்" என்கிற அதே ஆள், குளத்தங்கரையில் நின்று பேசும்போது "தொறந்து விட்டுருவாவ" என்பார். எங்கள் பக்கத்து விவசாயிகள் குளத்துப் பாசனத்தைப் பற்றிப் பேசுவதை எழுத்தாக்க விஸ்பர் மாதிரியைப் பழக்க வேண்டியிருந்தது. அதற்காக நாங்களே சில மணி நேரப் பேச்சைப் பதிவுசெய்து, வெட்டி, எழுதினோம். அந்த வேலை நடந்த விதத்தை இங்கே சொல்கிறேன்.

முதலில் சம்மதம். 2023-ஆம் ஆண்டின் இந்தியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் சுதந்திரமாக, குறிப்பிட்ட ஒரு நோக்கத்துக்காக, விவரம் தெரிந்து, நிபந்தனையில்லாமல், சந்தேகத்துக்கு இடமின்றித் தரப்பட்டதாக இருக்க வேண்டும் என்கிறது. கொடுப்பது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பெற்றோரின் சம்மதம் தேவை. நாங்கள் பெரியவர்களை மட்டுமே பதிவுசெய்தோம்.

நடைமுறையில் சிக்கல் வருவது "குறிப்பிட்ட நோக்கம்" என்ற இடத்தில்தான். ஒரே கையெழுத்தில் எல்லாவற்றுக்கும் சம்மதம் வாங்கினால் பேசுகிறவர் எதற்குச் சரி சொன்னார் என்றே தெரியாது. அதனால் கேள்வியை இரண்டாகப் பிரித்தோம். கணினியைப் பழக்க மட்டும் உங்கள் குரலை வைத்துக்கொள்ளலாமா? அந்த ஒலியை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி வெளியே வைக்கலாமா? இரண்டுக்கும் தனித்தனியாகப் பதில் வாங்கினோம். எழுத்து வாசிக்கச் சிரமப்படுகிறவர்கள் பலர் என்பதால் படிவத்தைப் பேச்சுத் தமிழிலேயே படித்துக் காட்டி, அவர்கள் சொன்ன பதிலை ஒலியாகவே பதிந்தோம். அந்தப் பதிவில் பெயர் வரும் என்பதால் அது தரவுத்தொகுப்போடு சேராமல் தனி வட்டில் இருக்கிறது.

ஒரு ஆச்சி கேட்டார்: "வெளிய போட்ட பொறவு வேண்டாம்னா எடுத்துருவீயளா?" எடுக்க முடியாது என்பதே நேர்மையான பதில். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் ஒருமுறை வெளியிட்டால் அதை இறக்கிக்கொண்டவர்களிடமிருந்து உரிமையைப் பிடுங்க வழியில்லை. எங்கள் பிரதியை அழிக்கலாம், அவ்வளவுதான். அந்தக் குரலை வைத்து அவர் சொல்லாததைச் சொன்னதுபோல் செயற்கையாகப் பேசவைக்க முடியும் என்பதையும் சொன்னேன். அவர் பழக்குவதற்குச் சரி, வெளியிடுவதற்கு வேண்டாம் என்றார். இந்த விஷயத்தைச் சொல்லாமல் வாங்கும் சம்மதத்தை நான் சம்மதமாகவே எண்ணவில்லை. நேரத்துக்கான பணத்தைப் பதில் கேட்கும் முன்பே கொடுத்துவிட்டோம். பணம் பதிலைச் சார்ந்து இருந்தால் அது சுதந்திரமான பதிலாகாது.

இந்த இரண்டு பதில்களும் கோப்புப் பெயர்வரை வந்து சேர வேண்டும். ஒவ்வொருவருக்கும் `s07` போல ஒரு எண், ஒவ்வொரு அமர்வுக்கும் `r02`, ஒவ்வொரு துண்டுக்கும் `0043`. யார் `s07` என்ற பட்டியல் தனியே பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. ஒருவர் விலகினால் `s07_` என்று தொடங்கும் எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் நீக்கலாம். பழக்கி முடித்த மாதிரிக்குள் இருந்து ஒரு குரலை மட்டும் பிடுங்கி எடுக்க முடியாது, அவர் இல்லாமல் திரும்பப் பழக்க வேண்டும். அதையும் ஆரம்பத்திலேயே சொல்லி, எந்தத் தேதிவரை விலகினால் முதல் பழக்கத்திலேயே சேர்க்காமல் விடுவோம் என்று குறித்துக் கொடுத்தோம்.

இன்னொன்று: கிராமத்தில் ஒருவர் மட்டும் பேசுவதே அபூர்வம். திண்ணையில் பதிவு நடக்கும்போது பக்கத்து வீட்டு அண்ணாச்சி வந்து இடையில் ஒரு வார்த்தை போடுவார், பேரப்பிள்ளை கத்தும். அவர்கள் யாரும் சம்மதம் தரவில்லை. அந்த இடங்களை வெட்டி எறிந்தோம். பேச்சில் மூன்றாம் ஆளின் பெயரும் வம்பும் வரும் இடங்களும் அப்படியே.

பதிவு 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாக. வாட்சப் குரல் செய்தியாக வாங்கவில்லை, அது சுருக்கும்போது ஒலியில் நுட்பமான பகுதிகள் போய்விடும். மூலத்தைத் தொடாமல் வைத்துக்கொண்டு, பழக்குவதற்கு மட்டும் விஸ்பர் கேட்கும் வடிவில் ஒரு பிரதி:

```
ffmpeg -i s07_r02.wav -ac 1 -ar 16000 -c:a pcm_s16le s07_r02_16k.wav
```

அப்புறம் வெட்டு. விஸ்பர் ஒரே நேரத்தில் 30 நொடி ஒலியைத்தான் பார்க்கும், ஆகவே துண்டு 30 நொடிக்குள் இருந்தால் போதும் என்று பலரும் சொல்வார்கள். தமிழுக்கு அது போதாது. எழுத்துப் பக்கமும் ஒரு வரம்பு இருக்கிறது: 448 டோக்கன். மாதிரி எழுத்தை உடைத்து வைத்துக்கொள்ளும் துண்டுதான் டோக்கன். ஆங்கிலத்தில் ஒரு சொல் பெரும்பாலும் ஒரு டோக்கன். தமிழ் எழுத்துகளோ யூட்டிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட் எடுக்கும். விஸ்பரின் டோக்கன் பட்டியலில் தமிழுக்குச் சேர்த்து வைத்த துண்டுகள் குறைவு என்பதால் ஒரு சொல்லே பல டோக்கனாக உடையும். வேகமாகப் பேசுகிறவரின் 25 நொடிப் பேச்சு அந்த வரம்பை நெருங்கிவிடும். தாண்டினால் பழக்கும் நிரல் பிழை காட்டி நிற்கும், அல்லது எழுத்தின் வாலை வெட்டிவிடும். வால் வெட்டுப்பட்டால் ஒலியில் இருப்பது எழுத்தில் இருக்காது. பாதியில் நிறுத்துவதையே மாதிரி கற்றுக்கொள்ளும். ஒவ்வொரு துண்டையும் இப்படி எண்ணிப் பார்க்கலாம்:

```python
from transformers import WhisperTokenizer
tok = WhisperTokenizer.from_pretrained(
    "openai/whisper-small", language="tamil", task="transcribe")
print(len(tok(text).input_ids))
```

நாங்கள் 3 முதல் 15 நொடிக்குள் வைத்துக்கொண்டோம். வரம்பு மட்டும் காரணமில்லை. எழுதுகிறவர் ஒருமுறை கேட்டு மனதில் வைத்துக்கொள்ளக்கூடிய நீளம் அதுதான். அதற்கு மேல் போனால் நடுவில் ஒரு சொல் விடுபடுவது தெரியாமலே போகும். "ஆமா", "ம்" மட்டும் இருக்கிற ஒரு நொடித் துண்டுகளை ஒதுக்கிவிட்டோம்.

வெட்ட வேண்டிய இடத்தைக் கண்டுபிடிக்க, பேச்சு எங்கே மௌனம் எங்கே என்று பிரித்துக் காட்டும் சைலிரோ கருவியைப் பயன்படுத்தினோம். அதன் இயல்பு அமைப்பில் `min_silence_duration_ms` 100, `speech_pad_ms` 30. முதலாவது, வெட்டுவதற்குக் குறைந்தது எவ்வளவு மௌனம் வேண்டும் என்பது. இரண்டாவது, பேச்சின் ஓரத்தில் விடும் இடம். இரண்டும் மில்லி நொடியில். தமிழ்ப் பேச்சுக்கு இரண்டுமே ஒத்துவரவில்லை. "பத்து", "கொக்கு" என்று சொல்லும்போது நடுவில் வல்லின இரட்டிப்பில் காற்று அடைபட்டு ஒரு மௌனம் வரும். நிதானமாகப் பேசுகிற முதியவர்களிடம் அது 100 மில்லி நொடியைத் தாண்டும், கருவி அங்கே சொல்லை இரண்டாகப் பிளந்துவிடும். அதனால் முதல் எண்ணை 400 ஆக்கினோம்.

இரண்டாவது இதைவிட நுட்பமானது. ஒருவர் சொன்ன வாக்கியம்: "அந்த வருசம் மழ நல்லா பெஞ்சிச்சு, கொளம் பெருகிட்டு." கடைசியில் வரும் குற்றியலுகரம் மூச்சுக் காற்றாக மட்டுமே கேட்கும். 30 மில்லி நொடி இடம் விட்டு வெட்டினால் அந்த "டு" போய்விடும். எழுதுகிறவர் காதில் "பெருகி" என்று விழும், வாக்கியம் முடியாதது போலத் தோன்றும். ஓரத்தில் 200 மில்லி நொடி விட்டதும் அந்த முடிவு திரும்பக் கிடைத்தது. வெட்டு சரியா என்று பார்க்க எளிய வழி, ஒவ்வொரு துண்டின் கடைசி அரை நொடியை மட்டும் வரிசையாகக் கேட்பது. சொல் பட்டென்று அறுபட்டால் காது உடனே சொல்லிவிடும்.

அதே வாக்கியத்தில்தான் எழுத்துச் சிக்கலும் தொடங்குகிறது. நெல்லையில் "பெருகிட்டு" என்றால் பெருகிவிட்டது. வேறு வட்டாரத்துக்காரருக்கு அது "பெருகிவிட்டு" என்ற எச்சம், அவர் கை தானாக "பெருகிட்டது" என்று திருத்தும். அப்படித் திருத்தினால் காதில் இல்லாத ஒலி எழுத்தில் வந்துவிடும். ஆகவே எழுதியவர்கள் எல்லாரும் உள்ளூர்க்காரர்கள். விதி ஒன்றே: காதில் விழுந்தபடி எழுது, இலக்கணத்துக்காகத் திருத்தாதே. "சொல்லுதாவ" என்றால் "சொல்லுதாவ"தான். மோட்டாரு, கரண்டு எல்லாம் ஒலித்தபடி தமிழ் எழுத்தில். ஆண்டும் எண்ணும் சொற்களாக: "ரெண்டாயிரத்தி அஞ்சுல". ஒரே ஒலிக்கு இரண்டு எழுத்துமுறை வராமலிருக்க, புதிதாக ஒரு சொல் வரும்போதெல்லாம் பொதுப் பட்டியலில் சேர்த்துக்கொண்டே போனோம். புரியாத இடத்தில் `[?]` போட வேண்டும், ஊகிக்கக் கூடாது. அந்தத் துண்டுகள் பழக்கத்துக்குப் போகவில்லை.

ஒவ்வொரு துண்டும் ஒரு வரி:

```json
{"audio_filepath": "wav/s07_r02_0043.wav", "duration": 4.62, "speaker": "s07", "consent": "train", "text": "அந்த வருசம் மழ நல்லா பெஞ்சிச்சு கொளம் பெருகிட்டு"}
```

`consent` என்பது இந்த வரியிலேயே இருப்பதால், வெளியிடும் தொகுப்பை எடுக்கும்போது `public` என்றுள்ளவை மட்டும் போகும். ஆச்சியின் துண்டுகள் தவறிக்கூட வெளியே போகாது.

எழுத்துகளை யூனிக்கோடு என்எஃப்சி வடிவுக்கு மாற்றுவது அவசியம். "கொ" என்பதில் உள்ள ொ-வை ஒரு குறியாகவும் தட்டலாம், ெ, ா என்று இரண்டாகவும் தட்டலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. `unicodedata.normalize("NFC", text)` இதைச் சரிசெய்யும். ஆனால் "கௌரி"யை ெ, ள என்று தட்டியிருந்தால் சரிசெய்யாது. அதற்காக ெள என்று வரும் எல்லா இடத்தையும் ௌ ஆக மாற்றலாம் என்று தோன்றும். செய்யக் கூடாது. பேச்சுத் தமிழில் "வெளக்கு", "வெளச்சல்" நிறைய வரும், விவசாயப் பேச்சில் இன்னும் அதிகம். எல்லாம் உருக்குலைந்துவிடும். தேடி எடுத்துப் பட்டியலிட்டு, கண்ணால் பார்த்து மாற்றினோம்.

சோதனைத் தொகுப்பை ஆள் வாரியாகப் பிரித்தோம். பழக்கத்தில் வந்த குரல் சோதனையில் வரக் கூடாது, வந்தால் மதிப்பெண் பொய்யாக உயரும். பிழை விகிதத்தைச் சொல் கணக்கோடு எழுத்துக் கணக்கிலும் பார்த்தோம். "விட்டுருவாவ" என்பதை "விட்டு ருவாவ" என்று பிரித்து எழுதினாலே சொல் கணக்கு ஏறிவிடும், கேட்டதென்னவோ சரியாகத்தான் இருக்கும்.

மதிப்பிடும்போது ஒரு இடத்தில் கவனம் வேண்டும். விஸ்பரோடு வரும் `BasicTextNormalizer` நிறுத்தக்குறிகளோடு சேர்த்து யூனிக்கோடின் M வகைக் குறிகளையும் இடைவெளியாக மாற்றும். தமிழின் புள்ளியும் கால், கொம்பு, சுழிகளும் அந்த வகையில்தான் இருக்கின்றன. "கொளம்" என்பது "க ளம" ஆகிவிடும். மாதிரி "குளம்" என்று எழுதினாலும் அதே "க ளம"தான் வரும், பிழை விகிதம் நிஜத்தைவிடக் குறைவாகத் தெரியும். நாங்கள் அதை விட்டுவிட்டு, நிறுத்தக்குறிகளை மட்டும் நீக்கி என்எஃப்சி செய்யும் நாலு வரி நிரலை எழுதிக்கொண்டோம். வேறு யாராவது வெளியிட்ட தமிழ் எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிடும் முன், அவர்கள் எந்த முறையில் சுத்தம் செய்தார்கள் என்று பாருங்கள்.